இரண்டு நிமிடத்தில் நன்றி: ஓர் ஏற்புரை, முதல் வரைவிலிருந்து மேடைவரை

புரதப் படிகவியலில் முனைவர் பட்டம் முடித்த கையோடு ஒரு பெண்ணுக்கு இளம் ஆய்வாளருக்கான விருது கிடைத்தது. விழா ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய கடிதத்தில் ஏற்புரையைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் எழுதிய முதல் வரைவை வாங்கிப் படித்து, அவரோடு உட்கார்ந்து அதைச் சரிசெய்தவன் நான். மேடைப் பேச்சைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஆய்வாளர்களின் பேச்சுகள் நிறைய வரும். அவற்றில் ஏற்புரைதான் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் கடினமானதும் அதுதான். இவருடைய பேச்சு எப்படி மாறியது என்பதை அவருடைய ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

முதல் வரைவில் 412 சொற்கள் இருந்தன. எழுந்து நின்று, மேடையில் பேசுவதுபோலவே வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். நான்கு நிமிடம் இருபது வினாடி ஆனது. மனசுக்குள் படித்துப் பார்த்து "சரியாத்தான் வருது" என்று அவர் நம்பியிருந்தார். கண்ணால் படிக்கும் வேகம் எப்போதுமே வாயின் வேகத்தைவிடக் கூடுதல். அதனால் கடிகாரத்தை ஓடவிட்டு, நின்றுகொண்டு வாசித்த நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அவருடைய இயல்பான வேகம் நிமிடத்துக்கு 95 சொற்கள் என்று வந்தது. ஒருவர் வேகம் இன்னொருவருக்குப் பொருந்தாது, அவரவர் அளந்து பார்ப்பதுதான் நல்லது. தமிழில் ஒரு சொல்லே மூன்று நான்கு ஒட்டுகளைச் சுமந்துகொண்டு வரும். ஆகவே ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் நேரம் தப்பிவிடும்.

இரண்டு நிமிடம் என்றால் 190 சொற்கள் எழுதலாமே என்று தோன்றும். அது சரிவராது. பேசுகிறவர் வாய் திறப்பதற்கு முன்பே சில வினாடிகள் கைத்தட்டலில் போகும், நடுவில் ஓரிடத்தில் கூட்டம் சிரிக்கும், ஓரிடத்தில் தொண்டை அடைக்கும். ஒரு பெயரைச் சொன்னதும் அவரைத் தேடிப் பல தலைகள் திரும்பும். அந்த நேரத்தையும் நாம்தான் கொடுத்தாக வேண்டும். ஆகவே தொண்ணூறு, நூறு வினாடிக்கு மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். அதாவது அவர் கணக்குக்கு 145 சொற்கள் அளவில். கையில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு போயாக வேண்டும்.

எது போவது என்பதுதான் கேள்வி.

முதலில் போனது விளிப்பு. "மேடையில் வீற்றிருக்கும் மாண்புமிகு..." என்று தொடங்கி ஏழு பேரைப் பதவியோடும் பட்டத்தோடும் அழைத்திருந்தார். அதற்கு மட்டும் 58 சொற்கள், முப்பத்தைந்து வினாடிக்கு மேல். வரவேற்புரையில் அதே ஏழு பேரும் அதே பட்டங்களோடு ஏற்கெனவே அழைக்கப்பட்டிருப்பார்கள். விருது வாங்குகிறவர் அதைத் திரும்பச் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் கேட்டோம். "விளிப்பே வேண்டாம், நேரம் தாண்டினால்தான் சங்கடம்" என்றார். ஆகவே "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். இந்தத் தொலைபேசிப் பேச்சை முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது. மேடை ஏறியபின் யாரைக் குறிப்பிடுவது, யாரை விடுவது என்று யோசிக்க ஆரம்பித்தால் வாய் தானாகவே பழைய வழக்கத்துக்குப் போய்விடும்.

அடுத்தது பெயர்கள். வரைவில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. நெறியாளர், இணை நெறியாளர், துறைத் தலைவர், ஆய்வுக் குழுவினர், கருவிக்கூடத்தில் இருப்பவர்கள், தோழிகள், வீட்டில் உள்ளவர்கள். எல்லோருமே நன்றிக்கு உரியவர்கள்தான், யாரும் சும்மா இடம்பெறவில்லை. ஆனால் பட்டியலைக் கேட்கும் அவைக்கு அவர்களில் ஒருவர் முகம்கூடத் தெரியாது. தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் மட்டுமே அதைக் கவனிப்பார்கள். அவர்களும் தங்கள் பெயர் வந்ததும் கவனிப்பதை விட்டுவிடுவார்கள்.

இது ஆய்வாளர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஆஸ்கர் விழாவில் ஏற்புரைக்கு 45 வினாடிதான். 1943 விழாவில் நடிகை கிரீர் கார்சன் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியது இன்றுவரை பேசப்படுகிறது. 2016 விழாவில் வென்றவர்களிடம் நன்றிப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, அவர்கள் பேசும்போது திரையின் அடியில் ஓடவிட்டார்கள். பெயர்களைப் பேச்சிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் மீதி நேரத்தில் மனிதர்கள் மனசிலிருந்து பேசுவார்கள் என்பது எண்ணம். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பேச்சிலும் அதைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தினோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர்களைக் குறைக்க "யார் முக்கியம்" என்று கேட்டால் வேலை நடக்காது. அந்தக் கேள்வி பதவி வரிசையைத்தான் கொண்டுவந்து நிறுத்தும். நான் அவரிடம் வேறு மாதிரிக் கேட்டேன்: இந்த விருதுக்குக் காரணமான வேலையில் எந்தக் காலம் மிகவும் மோசமாக இருந்தது? அவர் யோசிக்கவே இல்லை. படிகம் வராத பதினான்கு மாதங்கள் என்றார்.

அது என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் ஆராய்ந்தது, மருந்தைத் தன் உள்ளே தங்கவிடாமல் வெளியே தள்ள ஒரு பாக்டீரியா பயன்படுத்தும் புரதத்தை. அதன் வடிவம் தெரிந்தால் அதைத் தடுக்கும் மருந்தைத் தேடலாம். வடிவத்தைப் பார்க்க அவர்கள் கையாண்ட வழி, புரதத்தைப் படிகமாக்கி அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவது. சிறு சிறு குழிகள் கொண்ட தட்டுகளில், குழிக்கு ஒரு கரைசலாகப் புரதத் துளிகளை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது ஒரு குழியில் படிகம் முளைக்கும். இவருக்குத் தட்டு தட்டாக, வெறும் கலங்கலும் படிவும்தான் வந்துகொண்டிருந்தன.

அந்தப் பதினான்கு மாதத்தில் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். "ஊக்கமளித்தார்", "உறுதுணையாக இருந்தார்", "வழிகாட்டினார்" என்றெல்லாம் எழுதக்கூடாது, அவர் செய்த ஒரு காரியம்தான் வேண்டும் என்றேன். இருபத்து மூன்று பேரில் ஐந்து பேருக்குத்தான் உடனே எழுத வந்தது. நெறியாளர், குழுவில் மூத்த ஓர் ஆய்வாளர், ஆய்வக உதவியாளர், அப்பா, அம்மா. பேச்சு அங்கேயே முடிவாகிவிட்டது. மற்றவர்கள் உதவவில்லை என்று அர்த்தமில்லை. அவர்களுடைய உதவி அந்த இரண்டு நிமிடத்துக்கு உரியதாக இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஐவரில் மூத்த ஆய்வாளர் விஷயத்தில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். வரைவில் அவரைப் பற்றி "எனக்குப் பல வகையிலும் உதவிய" என்று இருந்தது. என்ன உதவி என்று கேட்டேன். புரதத்தின் ஒரு முனையில் நிலையான வடிவம் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் வால் பகுதி ஒன்று உண்டு, அதை வெட்டிவிட்டுப் படிகமாக்கிப் பார்க்கலாம் என்று சொன்னவர் அவர்தானாம். வால் ஆடிக்கொண்டே இருந்தால் புரத மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி உட்காராது. வெட்டியபின்தான் படிகம் வந்தது. ஆய்வுக் கட்டுரையில் அவர் இணையாசிரியர்.

அப்படியானால் அது உதவி இல்லை, பங்களிப்பு. ஆய்வாளர்கள் கட்டுரை எழுதும்போது இந்த வேறுபாட்டில் கவனமாக இருப்பார்கள். ஆசிரியர் பட்டியலில் வர வேண்டியவரை நன்றிக் குறிப்பில் போட்டால் பெரிய சண்டையே வரும். அதே ஆய்வாளர்கள் மேடையில் ஏறியதும், தங்களோடு சமமாக உழைத்தவரை "உதவினார்" என்று சொல்லி ஒரு படி கீழே இறக்கிவிடுகிறார்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, நன்றியுரையின் மொழி அப்படிப் பழகியிருக்கிறது. அவையில் உட்கார்ந்திருக்கும் அந்த மூத்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும், வெளியே சொல்லவும் மாட்டார். ஆகவே அவரைப் பற்றிய பகுதியில் நன்றி என்ற சொல்லையே நாங்கள் வைக்கவில்லை. யோசனை அவருடையது என்று மட்டும் இருக்கிறது. விருதுப் பேச்சில் ஓர் இணையாசிரியருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அப்பா. முதல் வரைவில், அப்பாவுக்கு வேலை போன இரண்டு வருடங்களைப் பற்றியும், கடன் வாங்கி மகளைப் படிக்கவைத்ததைப் பற்றியும் உருக்கமாக எழுதியிருந்தார். படித்தபோது எனக்கே மனசு கனத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, மேடையில் கேட்டால் சந்தோஷப்படுவார் என்றார். கேட்டுவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்து, "அது வேண்டாம்மா, அந்தக் கதை நம்ம வீட்டோட இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிகளில், கட்டுரையின் நன்றிக் குறிப்பில் ஒருவர் பெயரைப் போடும் முன் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்லி ஒரு பரிந்துரை இருக்கிறது. பெயர் இருந்தால் அந்த முடிவுகளை அவரும் ஏற்றுக்கொண்டதாகப் படிப்பவர் நினைக்கலாம் என்பது அதற்குக் காரணம். வீட்டு விஷயத்துக்கு எழுத்தெல்லாம் வேண்டாம், வாய்வார்த்தை போதும். ஆனால் கேட்டே ஆக வேண்டும். நோய், கடன், பிரிவு, படிக்காமல் போனது, இவையெல்லாம் பேசுகிறவருக்கு நன்றிக்கடன், அவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாலு பேர் முன்னால் திறந்த காயம். அப்பாவைப் பற்றி வேறொன்று சொல்லச் சொன்னேன். அவர் சொன்னது பழையதைவிட நன்றாக இருந்தது. பேச்சில் அது இருக்கிறது.

எஞ்சியது வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வரும். "நான் முதலாண்டில் சேர்ந்தபோது எனக்கு நுண்ணோக்கியைக் கையாளக் கற்றுக்கொடுத்து, பின்னர் என் ஒவ்வொரு தோல்வியிலும் உடனிருந்து, என்னை நம்பிக்கையிழக்க விடாமல் பார்த்துக்கொண்ட என் நெறியாளர் பேராசிரியர் அவர்களுக்கு" என்று நீட்டிக்கொண்டே போகலாம். யாரைப் பற்றிப் பேச்சு என்பதே அவைக்குக் கடைசியில்தான் தெரியும். எழுத்தில் இது நிற்கும். மேடையில், கை நடுங்கும்போது, இவ்வளவு நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் கொண்டுசேர்க்க முடியாது, பாதியில் மூச்சு வாங்கினால் அர்த்தமும் அறுந்துவிடும். ஆகவே ஆளை முதலில் சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிட்டோம். அவர் செய்தது அடுத்த வாக்கியத்தில். பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் எந்த வாக்கியமும் போகவில்லை.

கடைசியில் நின்ற பேச்சு இது. கோடு உள்ள இடங்களில் பெயர்.

"அவையோர் அனைவருக்கும் வணக்கம். இந்த விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கு நன்றி.

ஒரு பாக்டீரியா, மருந்தைத் தன்னிடமிருந்து வெளியே தள்ள ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அதன் வடிவத்தைக் கண்டறிவதுதான் எங்கள் வேலை. அதற்குப் படிகம் வேண்டும். பதினான்கு மாதம் படிகம் வரவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் கூட இருந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் நெறியாளர், பேராசிரியர் ——. வாரக் கூட்டத்தில் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை என்றேன். 'தோற்ற தட்டுகளைக் கொண்டு வா, அதையும் பார்ப்போம்' என்றார். ஒவ்வொரு தட்டையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் ——, புரதத்தின் வால் பகுதியை வெட்டிப் பார்க்கலாம் என்றார். அது அவருடைய யோசனை. படிகம் வந்தது அதனால்தான். இந்த விருதில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆய்வக உதவியாளர் ——. ஓர் இரவு உறைபெட்டி நின்றுபோனபோது, உலர்பனியோடு வந்து என் மாதிரிகளை இடம் மாற்றியவர். காலையில்தான் எனக்கே தெரியும். அன்று அவர் வந்திருக்காவிட்டால் இந்த மேடையில் நான் இல்லை.

அப்பா பள்ளி நாளிலேயே எனக்குச் சொன்னது ஒன்றுதான். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். ஆய்வகத்தில் தினமும் அதைத்தான் செய்கிறேன்.

அம்மாவுக்கு என் ஆய்வு என்னவென்று முழுதாகத் தெரியாது. ஆனால் தினமும் போனில் ஒன்று கேட்பார். 'படிகம் வந்துச்சா?' வரவில்லை என்று பதினான்கு மாதம் சொன்னேன். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

அம்மா, வந்துடுச்சு.

அனைவருக்கும் நன்றி."

ஆய்வைப் பற்றி இதில் இருப்பது நான்கு சின்ன வாக்கியங்கள்தான். முதல் வரைவில் தொண்ணூறு சொற்களுக்குப் புரதத்தின் பெயர், குடும்பம், இயங்கும் முறை எல்லாம் இருந்தன. விருதுக் குறிப்பை வாசித்தவர் அதையெல்லாம் ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஏற்புரையில் ஆய்வு வருவது, பின்னால் வரும் மனிதர்கள் செய்தது எவ்வளவு பெரிது என்று அவைக்குப் புரிவதற்காக மட்டும்தான். படிகம் வரவில்லை என்ற ஒன்று தெரிந்தால் போதும்.

அம்மாவைக் கடைசியில் வைத்ததற்கு உணர்ச்சி மட்டும் காரணமில்லை. குரல் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நடுவில் வைத்தால் அதற்குப் பின் வரும் நெறியாளரும் மற்றவர்களும் உடைந்த குரலிலேயே போய்விடுவார்கள். கடைசியில் வைத்தால் சொல்ல வேண்டியதெல்லாம் தெளிவாகச் சொல்லி முடித்தாகிவிட்டது. "அம்மா, வந்துடுச்சு" என்பது இரண்டே சொல், குரல் போனாலும் உதட்டசைவிலேயே புரியும். அதுவரை அம்மா உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்க்க வேண்டாம் என்றும், தொண்டை அடைத்தால் அடக்கிக்கொண்டு பேச முயலாமல் நிறுத்தி, மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டுத் தொடரலாம் என்றும் சொல்லியிருந்தேன். நான்கைந்து வினாடி மௌனம் பேசுகிறவருக்குத்தான் நீளமாகத் தெரியும், அவைக்குத் தெரியாது.

ஒத்திகையில் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரியவந்தது. ஒரு கையில் கேடயம், ஒரு கையில் ஒலிவாங்கி என்றால் குறிப்பைப் பிடிக்கக் கை எங்கே? ஏற்பாட்டாளரிடம் மறுபடி கேட்டோம். ஒலிவாங்கி தாங்கியில்தான் இருக்கும், பக்கத்தில் கேடயத்தை வைக்க மேசையும் உண்டு என்றார்கள். முழுத்தாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கை லேசாக நடுங்கினாலும் பெரிய தாள் படபடக்கும், ஒலிவாங்கியில் அந்தச் சத்தம் கேட்கும். கைபேசியும் சரிவராது, பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துபோகும். அஞ்சலட்டை அளவில் கெட்டி அட்டைகளை எடுத்து, ஆளுக்கு ஓர் அட்டையாகப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். ஓரத்தில் எண் போட்டார். நேரமாகிவிட்டது, சுருக்குங்கள் என்று மேடை ஓரத்தில் யாராவது சொன்னால், ஆய்வு பற்றிய அட்டையிலும் அப்பா அட்டையிலும் எந்த வாக்கியத்தை விடலாம் என்று பென்சிலால் கோடிட்டுவைத்தோம். உதவியாளரின் அட்டையில் கை வைப்பதில்லை என்று இருவருமே ஒரே நேரத்தில் சொன்னோம்.

விழாவன்று யாரும் சுருக்கச் சொல்லவில்லை. பேச்சு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி ஓடியது. ஒத்திகையில் நூறு வினாடிக்குள்தான் இருந்தது. கூடுதல் நேரம் எங்கே போனது என்று பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தோம். "அன்று அவர் வந்திருக்காவிட்டால்" என்ற வாக்கியம் முடிந்ததும் நாங்கள் எதிர்பார்க்காத கைத்தட்டல், பின்வரிசையில் ஆய்வகத்தார் உட்கார்ந்திருந்த பக்கம் தொடங்கிக் கூடம் முழுக்கப் பரவியது. அது அடங்கும்வரை அவர் நின்றார், கைத்தட்டலுக்கு நடுவே பேசவில்லை. அம்மாவின் பகுதியில் ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார். மற்றபடி வேகம் ஒத்திகையில் இருந்ததேதான். எழுதும்போதே ஒதுக்கிய இருபது வினாடி இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கைத்தட்டல் வரும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

விட்டுப்போன பதினெட்டுப் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் கருத்தரங்கில் பேசினால் திரையில் காட்டும் கடைசிப் படவில்லையில் நன்றிப் பெயர்களைப் போடுவது வழக்கம். அதே மாதிரி ஒரு படவில்லையைத் தயார்செய்து, திரையில் காட்ட முடியுமா என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். பேசும்போது காட்டினால் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டுப் பெயரைத் தேடுவார்கள். ஆகவே பேசி முடித்து அவர் இருக்கைக்குத் திரும்பும் நேரத்தில் காட்டினார்கள். அகர வரிசையில், பதவி இல்லாமல்.

இணை நெறியாளர் மட்டும் அந்தப் பட்டியலில் அடங்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பேச்சில் இடமில்லை, ஆனால் படவில்லையில் பதினெட்டில் ஒன்றாகப் பார்த்தால் வருத்தப்படுவார். விழாவுக்கு முன்பே அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1957இல் நோபல் பரிசு பெற்ற ஆல்பர் காம்யு, அந்தச் செய்தி வந்த சில வாரங்களில் தன் தொடக்கப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். செய்தியைக் கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடி தன் நினைவில் வந்தவர் நீங்கள்தான் என்று அதில் சொல்லியிருந்தார். சிறிய கடிதம்தான். மேடையில் எவ்வளவு நேரம் கிடைத்திருந்தாலும் அதை அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

நம் ஆய்வாளர் எழுதிய கடிதம் ஒரு பக்கம். பேச்சில் ஏன் அந்தப் பதினான்கு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்பதை முதலில் எழுதி, அதற்கு முந்தைய வருடம் தன் ஆய்வுத் திட்டத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்ததை அதற்குக் கீழே எழுதியிருந்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அது அவர் கையில் கிடைத்தது. விழா முடிந்ததும் மேடைக்குக் கீழே முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். "பேச்சு நல்லா இருந்துச்சும்மா, அந்த அசிஸ்டெண்ட் பத்திச் சொன்னியே, எனக்கே அது தெரியாது" என்றார்.